கதவு நிற்கும் பக்கம் சரவுண்ட் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? (10க்கு 12 வாடகை அறை)

மாடிவீட்டான் | ஜூன் 3, இரவு 10:50

5.1 ரிசீவர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், எல்லாம் ஓடுகிறது. மீதி இரண்டும் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான். காரணம், வைக்க இடமே இல்லை.

அறை 3 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம். டிவி குறுகிய சுவரில். எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் வலது சுவரில், பின் மூலைக்குப் பக்கத்திலேயே வாசல். மூலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, 15 செ.மீ.தான். கதவை முழுசாகத் திறந்தால் டிவி பக்கம் மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆக வலது சுவரில் என் காதுக்கு நேரே வாசல், அதற்கு முன்னால் கதவுப் பலகை. இடது பக்கம் வெறும் சுவர், அங்கே பிரச்சினை இல்லை.

சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. வாசல் குறுக்கே ஒயர் இழுத்தால் தம்பி முதல் நாளே தடுக்கி விழுவான். இப்படிப்பட்ட அறையில் 5.1 என்பதே வீண், முன்னால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

---

பக்கவாத்தியம் | ஜூன் 3, இரவு 11:20

எதற்கு இவ்வளவு யோசனை. பின் ஸ்பீக்கர் என்றால் பின்னால். சோபாவுக்குப் பின் சுவரில், தலைக்கு நேர் பின்னாலேயே இரண்டையும் ஒரு முழ இடைவெளியில் வைத்துவிடுங்கள். வாசல் பக்கம் போகவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு ஒயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று நீளமானால் அந்தப் பக்கச் சத்தம் தாமதமாக வரும். மிச்சத்தைச் சுருட்டி வைத்தாலும் பரவாயில்லை.

---

மாடிவீட்டான் | ஜூன் 4, காலை 7:15

தலைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன், சோபாவின் முதுகு மேலேயே. மழைக் காட்சியில் மழை என் பின்மண்டையில் பெய்தது. சில சமயம் டிவி பக்கமிருந்து வருகிற மாதிரியும் இருந்தது, அது எப்படி என்று புரியவில்லை. அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டேன்.

---

செம்புக்கம்பி | ஜூன் 4, காலை 9:40

தியேட்டர்களில் ஸ்பீக்கர் மாட்டியே பல வருடம் ஓட்டினவன் என்பதால் சொல்கிறேன். பக்கவாத்தியம் சொன்னதில் பாதி சரி: வாசல் பக்கம் போக வேண்டாம். மற்ற பாதி தப்பு.

5.1-இல் "பின்" என்று ஒன்று கிடையாது. இருப்பது பக்கம்தான். டிவி நேரே இருப்பதை 0 டிகிரி என்று வைத்தால், காதுக்கு நேர் பக்கம் 90. ஐ.டி.யூ. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 5.1 சரவுண்டுக்குப் பரிந்துரைப்பது 100 முதல் 120 வரை. அதாவது காதுக்குப் பக்கம், சற்றே பின்னால். தலைக்கு நேர் பின்னால் இரண்டை நெருக்கி வைத்தால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சத்தம் போகும். முன்னா பின்னா என்று மூளைக்குப் பிரிக்கத் தெரியாது. டிவி பக்கமிருந்து வருகிற மாதிரி இருந்தது அதனால்தான்.

ஒயர் நீளத்தால் தாமதம் வராது. கம்பிக்குள் மின்சாரம் போகும் வேகத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் ஒரு கணக்கே இல்லை. நீளத்தால் வருவது கொஞ்சம் மின்தடை. 1.5 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர் செம்பு, கால் ஓம் பக்கம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது தின்பது கால் டெசிபல். ரிசீவரில் அந்தப் பக்கம் ஒரு படி ஏற்றினால் தீர்ந்தது. மிச்சத்தைச் சுருட்டவும் வேண்டாம், வெட்டுங்கள்.

மாடிவீட்டான், டேப் எடுத்து ஒன்று அளந்து சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் உங்கள் காதிலிருந்து பின் சுவர் எவ்வளவு?

---

ராத்திரிப்பூனை | ஜூன் 4, மதியம் 1:05

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் சோபா இல்லை, கட்டில்தான். படுத்துக்கொண்டேதான் படம் பார்ப்பேன். இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தலைமாட்டில் வைத்துவிட்டேன், ஒயரும் இல்லை ஓட்டையும் இல்லை. சூப்பராக இருக்கிறது. நீங்களும் அப்படியே செய்துவிடலாமே?

---

மாடிவீட்டான் | ஜூன் 4, இரவு 9:30

அளந்தேன். சோபா சுவரோடு ஒட்டியிருக்கும்போது காதிலிருந்து சுவர் 30 செ.மீ. சோபாவை 35 செ.மீ. முன்னால் இழுத்தால் 65. அதற்கு மேல் இழுத்தால் அறைக்குள் நடக்க முடியாது.

தம்பி கேட்கிறான், 30 இருந்தால் என்ன 65 இருந்தால் என்ன என்று. எனக்கும் தெரியவில்லை.

பூனை, ப்ளூடூத் பற்றி யாராவது சொல்லட்டும். எனக்கு அது சரிப்பட்டு வராது என்று தோன்றுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

---

செம்புக்கம்பி | ஜூன் 4, இரவு 11:10

முதலில் பூனைக்கு. உங்கள் ரிசீவரிலிருந்தோ டிவியிலிருந்தோ ப்ளூடூத்தில் போவது சரவுண்ட் சேனல் இல்லை, முழுப் படத்தின் ஸ்டீரியோக் கலவை. வசனமும் சேர்ந்து தலைமாட்டில் கேட்கிறது, அதைத்தான் சூப்பர் என்கிறீர்கள். தப்பில்லை, ஆனால் அது சரவுண்ட் இல்லை. அப்புறம் தாமதம். ப்ளூடூத்தில் 200 மில்லி செகண்ட் சாதாரணம். ஒலி அந்த நேரத்தில் காற்றில் 68 மீட்டர் போய்விடும். உங்கள் ஸ்பீக்கர் நாலு தெரு தள்ளி இருக்கிற மாதிரி.

இப்போது மாடிவீட்டான். சோபாவை இழுக்கச் சொல்வதற்குக் காரணம் கோணம் மட்டும் இல்லை. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் தாழ்ந்த ஒலியெல்லாம் அங்கே குவியும், சப்வூஃபர் பொதபொத என்று கேட்கும். அந்த 35 செ.மீ. அதைக் கொஞ்சம் தளர்த்தும். இன்னொரு லாபம்: சோபாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்ட் நிற்க இடம் கிடைக்கும். நீங்கள் இல்லை இல்லை என்று நினைத்த இடம் அதுதான்.

கணக்கு இப்படி. உங்கள் தலையிலிருந்து நேர் பக்கமாக 1 மீட்டர் போங்கள். அங்கிருந்து 36 செ.மீ. பின்னால் போனால் 110 டிகிரி. 58 செ.மீ. போனால் 120. உங்கள் காது சுவரிலிருந்து 65 செ.மீ.யில். ஸ்டாண்டின் மையம் சுவரிலிருந்து 17 செ.மீ. என்று வைத்தால் காதுக்கு 48 செ.மீ. பின்னால். பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி வைத்தால் 115, 116 டிகிரி. ஐ.டி.யூ. கோட்டுக்குள்ளே. அதாவது சோபாவின் இரண்டு கைப்பிடிக்கும் பின்னால். வாசலைத் தொடவே தேவையில்லை.

பெரிய ஹாலில் பின் சுவர் என்றால் நிஜமாகவே பின்னால். உங்கள் அறையில் பின் சுவரின் ஓரங்களே பக்கம்தான்.

---

மாடிவீட்டான் | ஜூன் 5, காலை 6:50

ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. ஒரு மணிக்கு எழுந்து நூலைக் கட்டி அளந்து பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியேதான் வருகிறது. வலது கைப்பிடிக்குப் பின்னால் நிற்கும் ஸ்டாண்டுக்கும் வாசலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒயர் வழியும் கிடைத்துவிட்டது. இரண்டையும் இடது பக்கமாகவே கொண்டுபோகிறேன். டிவிக்குக் கீழிருந்து இடது மூலை, இடது சுவர் ஓரமாகப் பின் மூலை, அங்கிருந்து சோபாவுக்குப் பின்னால். இடது ஸ்பீக்கருக்கு ஏழரை மீட்டர், வலதுக்கு 10 மீட்டர். வலது ஸ்பீக்கரின் ஒயர் இடது பக்கம் சுற்றி வருவதைப் பார்த்துத் தம்பி சிரிக்கிறான்.

---

பக்கவாத்தியம் | ஜூன் 5, காலை 8:30

என் ரிசீவரில் பின்னால் `SURROUND BACK` என்றே எழுதியிருக்கிறது. பின் இல்லை என்றால் அது எதற்கு?

---

செம்புக்கம்பி | ஜூன் 5, காலை 8:55

அது 7.1-க்கு. அதில் பக்கத்துக்கு இரண்டு, பின்னாலும் இரண்டு. பின்னால் இருப்பவை 135 முதல் 150 டிகிரி வரை. 5.1 வைப்பவர் `SURROUND` என்று எழுதிய இடத்தில்தான் சொருக வேண்டும். மற்றதில் சொருகிவிட்டுச் சத்தமே வரவில்லை என்று ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மாடிவீட்டான் அறையில் 150 டிகிரியில் வைத்தால் ஸ்பீக்கர் தலையிலிருந்து ஒரு கை நீளத்துக்குள் வந்துவிடும். அந்த அறைக்கு 7.1 வேண்டாம்.

---

பக்கவாத்தியம் | ஜூன் 5, காலை 9:10

சரி. என்னுடையதில் சொருகியிருப்பது எதில் என்று சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன்.

---

மாடிவீட்டான் | ஜூன் 8, இரவு 8:20

ஸ்டாண்ட் தயார். அதற்கு முன்னால் ஒரு அவமானத்தையும் எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவருக்குப் பயன்படும்.

வியாழன் அன்று குறுக்கு வழி தேடினேன். ஒட்டிக்கொள்ளும் கொக்கி, மூன்று கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஸ்பீக்கர் இரண்டு கிலோதானே என்று இரண்டு கொக்கியில் மாட்டினேன். கொக்கி தாங்கியது. சுவரின் பெயிண்ட் தாங்கவில்லை. விடிகாலை நாலு மணிக்குச் சத்தம், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து கொக்கியோடு கீழே கிடந்தது. ஸ்பீக்கர் சோபா மேல் விழுந்ததால் தப்பித்தது. ஓட்டை போடக் கூடாது என்றார்கள், நான் ஓட்டை போடவில்லை.

இப்போது செய்தது: காலி பெயிண்ட் வாளி இரண்டு, 30 செ.மீ. அகலம். நடுவில் இரண்டு அங்குல பி.வி.சி. குழாயை நேராக நிறுத்திச் சிமெண்ட் கலவை ஊற்றினேன். ஒவ்வொன்றும் 12 கிலோ வந்தது. குழாய்க்குள்ளேயே ஒயர் மேலே போகிறது, அடியில் சிமெண்ட்டுக்கு மேல் ஒரு துளை. மேலே பலகை, அதன்மேல் ஸ்பீக்கர், பட்டை போட்டுக் கட்டியது. சிமெண்ட் காயும் வரை குழாய் சாயாமல் இருக்க நான்கு பக்கமும் நூல் கட்ட வேண்டியிருந்தது. ஒன்றில் அது தளர்ந்துவிட்டது. வலது ஸ்டாண்ட் லேசாக வணங்கி நிற்கும்.

---

செம்புக்கம்பி | ஜூன் 8, இரவு 9:05

நல்லது. ஆனால் 12 கிலோ அடியில் இருந்தாலும் அடி 30 செ.மீ.தான், குழாயோ நல்ல உயரம். உச்சியில் ஒரு விரலால் அழுத்தித் தள்ளினாலே சாயும். குழாயைச் சோபாவின் பின் சட்டத்தோடு ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். சுவரில் எதுவும் தேவையில்லை.

உயரம் எவ்வளவு வைத்தீர்கள்?

---

மாடிவீட்டான் | ஜூன் 8, இரவு 9:20

காது மட்டத்துக்கே, தரையிலிருந்து 1 மீட்டர். குழாயை இன்னும் வெட்டவில்லை, பலகையைப் பட்டையால் இடையில் பிடித்திருக்கிறேன். ஏற்றலாம் இறக்கலாம்.

---

மாடிவீட்டான் | ஜூன் 10, இரவு 11:45

இரண்டு நாள் கேட்டாயிற்று. நடுவில் ஒருவனாக உட்கார்ந்தால் அருமை. காட்டுக் காட்சியில் பூச்சிகள் அறை முழுக்க. ஆனால் நாங்கள் இரண்டு பேர். நான் இடது, தம்பி வலது. நடுவில் யாரும் இல்லை. தம்பி சொல்வது: "அண்ணா, இந்த வலது ஸ்பீக்கர் என் காதுக்குள்ளேயே பேசுது, இடது இருக்கிறதே தெரியல." எனக்கு அதற்கு நேர் எதிர். நடுவில் உட்கார மூன்றாவது ஆளைத் தேடுவதா?

சத்தத்தைக் குறைத்தால் பக்கத்தில் இருப்பவனுக்குச் சரியாகிறது, தூரத்தில் இருப்பவனுக்கு அறவே போய்விடுகிறது.

---

குட்டிரேடியோ | ஜூன் 11, காலை 7:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு வேறு ஒரு சந்தேகம். நான் ஒயர் வேண்டாம் என்று வயர்லெஸ் கிட் போட்டேன், ரிசீவர் பக்கம் ஒரு பெட்டி, பின்னால் ஒரு பெட்டி. (பின் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும் என்பது வாங்கின பிறகுதான் உறைத்தது. இப்போது ஸ்பீக்கர் ஒயருக்குப் பதில் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஓடுகிறது.) ரிசீவரின் மைக் வைத்து அளக்கச் சொன்னால் சரவுண்ட் ஸ்பீக்கர் 8 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. என் அறையே நாலு மீட்டர். பயந்துபோய் டேப் வைத்து அளந்து 1.2 என்று மாற்றிவிட்டேன். செய்தது சரிதானே?

---

செம்புக்கம்பி | ஜூன் 11, காலை 10:15

ரேடியோம்மா, திரும்ப 8 ஆக்குங்கள். மைக்குக்கு மீட்டர் தெரியாது, நேரம்தான் தெரியும். உங்கள் கிட் ஒலியை அனுப்பி வாங்க 20 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் ஒலி 6.8 மீட்டர் போகும். நிஜத் தூரம் 1.2-ஐக் கூட்டினால் 8. ரிசீவர் அதைத் தெரிந்துகொண்டு மற்ற ஸ்பீக்கர்களைப் பிடித்து நிறுத்தி, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி செய்திருந்தது. நீங்கள் டேப்பால் அதைக் கெடுத்துவிட்டீர்கள். சப்வூஃபருக்கும் நிஜத்தைவிடத் தூரமாகக் காட்டினால் அதையும் தொடாதீர்கள்.

மாடிவீட்டான் விஷயம் பெரியது, ராத்திரி எழுதுகிறேன்.

---

குட்டிரேடியோ | ஜூன் 11, காலை 10:40

ஒரு மாதமாக டேப் சொன்னதை நம்பிக் கேட்டிருக்கிறேன்.

---

செம்புக்கம்பி | ஜூன் 11, இரவு 10:30

நீங்கள் இரண்டு பேரும் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளித் தள்ளி உட்கார்கிறீர்கள் என்று வைக்கிறேன். வலது ஸ்பீக்கர் தம்பிக்குப் பக்கவாட்டில் 60 செ.மீ., உங்களுக்கு 1.4 மீட்டர். பின்னால் இருக்கும் 48 செ.மீ.யையும் சேர்த்தால் அவருக்கு 77 செ.மீ., உங்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இரண்டு மடங்கு தூரம் என்றால் 6 டெசிபல். உங்களுக்கும் தம்பிக்கும் நடுவே அந்த 6 டெசிபல்தான் சண்டை மூட்டுகிறது.

ரிசீவரால் இதைத் தீர்க்க முடியாது. அது ஒரு இடத்துக்குத்தான் சரிசெய்யும். தீர்வு உயரத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரை 90 செ.மீ. ஏற்றுங்கள். இப்போது தம்பிக்கு 1.18 மீட்டர், உங்களுக்கு 1.73. வித்தியாசம் மூன்றரைக்குள் வந்துவிடும். சுவரில் பட்டு வரும் ஒலியும் சேரும்போது காதுக்குத் தெரிவது இன்னும் குறையும். பக்கத்தில் இருப்பவரைத் தூர அனுப்புகிறோம், தூரத்தில் இருப்பவருக்குப் பெரிய மாற்றம் இல்லை, அவ்வளவுதான் விஷயம். தியேட்டரில் சுவரோரச் சீட்டுக்குத் தலைக்கு மேல் உயரத்தில் சரவுண்ட் மாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வரிசையாகப் பல ஸ்பீக்கர்கள் வேலையைப் பங்கு போடும். உங்களிடம் பக்கத்துக்கு ஒன்றுதான், அதனால் உயரம் இன்னும் முக்கியம்.

இரண்டாவது, முகத்தைத் திருப்புங்கள். வலது ஸ்பீக்கர் தம்பியைப் பார்க்கக் கூடாது, உங்களைப் பார்க்க வேண்டும். இடது ஸ்பீக்கர் தம்பியைப் பார்க்கட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஸ்பீக்கரின் ஓரத்திலிருந்து போகும், கீச்சொலி குறையும், காதுக்குள் பேசுவது நிற்கும்.

---

குட்டிரேடியோ | ஜூன் 12, காலை 8:00

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிற்காலத்தில் கூரைக்கு இரண்டு ஸ்பீக்கர் போட்டு அட்மாஸ் ஆக்கும் எண்ணம் இருந்தால் சரவுண்ட் காது மட்டத்தில்தான் இருக்க வேண்டும். அதை ஏற்றிவிட்டால் மேலே பறக்கும் ஹெலிகாப்டருக்கும் பக்கத்தில் போகும் காருக்கும் வித்தியாசமே தெரியாது. டால்பியும் காது மட்டத்தைத்தான் சொல்கிறது.

---

செம்புக்கம்பி | ஜூன் 12, காலை 9:15

அட்மாஸ் போடுகிறவருக்கு நீங்கள் சொல்வது சரி. ஓட்டை போடக் கூடாத வாடகை வீட்டில் கூரையில் எதை மாட்டப் போகிறார்? 5.1-க்கு இரண்டு மூன்று அடி ஏற்றுவது பழைய வழக்கம்தான்.

---

குட்டிரேடியோ | ஜூன் 12, காலை 9:25

டிவி பக்கத்து ஸ்பீக்கர் மேலேயே வைத்துக் கூரையில் பட்டுத் திரும்புகிற மாதிரி வருகிறதே. அதற்கு ஓட்டை வேண்டாம். ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்டால் நான் இன்னும் காது மட்டம் என்றுதான் சொல்வேன்.

---

மாடிவீட்டான் | ஜூன் 14, இரவு 10:10

90 ஏற்றிப் பார்த்தேன். குழாய் ஆடுகிறது, சத்தம் ஏறினால் பலகையே நடுங்குகிறது. 60-க்கு இறக்கிவிட்டேன், அதாவது தரையிலிருந்து 1.6 மீட்டர். செம்புக்கம்பியின் கணக்கைப் போட்டால் வித்தியாசம் நாலரை டெசிபலுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. முகத்தையும் குறுக்காகத் திருப்பினேன். தம்பி இரண்டு மணி நேரப் படத்தில் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு குறை: தண்ணீர் ஓடும் காட்சியில் தண்ணீர் தோளுக்கு மேலே ஓடுகிறது. ரேடியோ சொன்னது அதுதானோ?

மைக் வைத்து மறுபடி அளந்தேன். சோபாவின் முதுகில் வைக்காமல், காது இருக்கும் இடத்தில் கேமரா ஸ்டாண்டில். சரவுண்ட் இரண்டும் 1.3 மீட்டர் காட்டுகிறது, நூல் பிடித்தாலும் அதேதான். முன்னால் இருப்பவை 2.7.

---

மாடிவீட்டான் | ஜூன் 17, இரவு 9:00

புதுத் தலைவலி. ரிசீவர் தானாகவே அணைகிறது. சண்டைக் காட்சியில் மட்டும். சத்தம் குறைவாக இருந்தால் எதுவும் இல்லை. சூடு என்று நினைத்து மேலே ஃபேன் வைத்தேன், பலன் இல்லை.

---

செம்புக்கம்பி | ஜூன் 17, இரவு 9:30

ஸ்பீக்கர் ஒயர் எங்கேயோ ஷார்ட் ஆகிறது. ரிசீவரை அணைத்துவிட்டு இரண்டு சரவுண்ட் ஒயரையும் கழற்றுங்கள், அதே காட்சியைப் போடுங்கள். அணையவில்லை என்றால் குற்றவாளி அந்த இரண்டில் ஒன்று. அப்புறம் கழற்றிய முனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்ட வேண்டும். ஒன்றுக்குக் கீழே காட்டினால் ஷார்ட்.

---

மாடிவீட்டான் | ஜூன் 18, காலை 7:40

கழற்றினால் அணையவில்லை. இடது 6.8. வலது 6.9. இரண்டும் நல்லாத்தானே இருக்கிறது?

---

மாடிவீட்டான் | ஜூன் 18, இரவு 8:50

கண்டுபிடித்துவிட்டேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையில் அளந்தபோது சோபாவில் யாரும் இல்லை. சாயங்காலம் தம்பி உட்கார்ந்திருக்கும்போது மறுபடி அளந்தேன். வலது 0.4. "எழுந்திரு" என்றேன், 6.9. "உட்கார்", 0.4. நாலு தடவை உட்காரவைத்தேன். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

சோபாவின் பின் கால் ஒயர் மேல் நிற்கிறது. பட்டை கட்டுவதற்காகச் சோபாவை நகர்த்தினேனே, அன்று வந்த வினை. ஆள் உட்கார்ந்தால் கால் அழுத்தி உள்ளே இரண்டு கம்பியும் தொட்டுக்கொள்கின்றன. சண்டைக் காட்சியில்தான் அணைந்தது என்றால், அதில்தான் ரிசீவர் நிறையக் கரண்ட் தள்ளுகிறது, அதற்கு மேல் தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று புரிந்துகொள்கிறேன்.

நசுங்கிய இடத்தை வெட்டி இணைத்தேன். இப்போது ஒயர் சுவரோரச் சட்டத்தை ஒட்டி, சோபாக் காலுக்கு வெளியே போகிறது.

---

மாடிவீட்டான் | ஜூன் 19, இரவு 10:30

அணைவது நின்றது. ஆனால் மழை மறுபடி கெட்டுவிட்டது. சத்தம் இருக்கிறது, இடம் இல்லை. இரண்டு காதுக்கும் நடுவே யாரோ உறிஞ்சுகிற மாதிரி. கனமும் போய்விட்டது.

---

பக்கவாத்தியம் | ஜூன் 19, இரவு 10:45

இதை நான் சொல்கிறேன், இது எனக்கே நடந்தது. வெட்டி இணைத்தபோது பிளஸ் மைனஸ் மாற்றிவிட்டீர்கள். ஒயரில் கோடு போட்ட பக்கம் எது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ரிசீவர் பக்க முனையைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஒயரின் பிளஸ்ஸில் பட்டால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ள வேண்டும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

என் `SURROUND BACK` விஷயத்தைப் பற்றி யாரும் கேட்காததற்கு நன்றி. ஆமாம், அதில்தான் சொருகியிருந்தேன். இரண்டு வருடமாக.

---

மாடிவீட்டான் | ஜூன் 19, இரவு 11:15

உள்ளேதான் போனது. மாற்றிவிட்டேன். மழை அறை முழுக்க வந்துவிட்டது.

---

ராத்திரிப்பூனை | ஜூன் 20, நள்ளிரவு 12:40

சரி, ப்ளூடூத்தை எடுத்துவிட்டேன். ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு பார்ப்பவனுக்கு 110 டிகிரி எங்கே இருக்கிறது? என் காதுக்குப் பின்னால் தலையணை, அதற்கும் பின்னால் தரை. ஸ்பீக்கரைக் கட்டிலுக்கு அடியில் வைப்பதா?

---

செம்புக்கம்பி | ஜூன் 20, காலை 9:00

தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்து பாருங்கள், அதுவரை எனக்கு அந்தக் கணக்கு தெரியும். மல்லாந்து படுத்தால் எந்த வழிகாட்டியும் எழுதப்படவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் காதுக்கு நேரே, மெத்தையைவிட ஒரு அடி உயரத்தில் வைத்துக் கேட்டுவிட்டு நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

---

மாடிவீட்டான் | ஜூன் 22, இரவு 9:40

தோளுக்கு மேல் தண்ணீர் ஓடுவது இன்னும் உறுத்துகிறது. நேற்று தம்பி ஊரில் இல்லை. பலகையைக் காது மட்டத்துக்கு இறக்கி, நடுவில் உட்கார்ந்து தனியாகப் பார்த்தேன். ரேடியோ சொன்னதுதான் சரி, தண்ணீர் பக்கத்தில் ஓடியது. இன்று அவன் வந்துவிட்டான், மறுபடி 60 ஏற்றிவிட்டேன். குழாயில் இரண்டு உயரத்துக்கும் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மேல் கோட்டுக்குப் பக்கத்தில் அவன் தன் பெயரை எழுதியிருக்கிறான்.